பிழைத்திருத்தல் பத்திரம்

2025-ம் வருடம் மார்ச் மாதம் 12-ம் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம், கல்லாவி கிராமம், மாரியம்மன் கோயில் தெரு, கதவு எண் 2/47-ல் வசிக்கும் சின்னசாமி மகன் மாரியப்பன் (வயது 63) ஆகிய தங்களுக்கு,

மேற்படி கிராமம், மேட்டுத் தெரு, கதவு எண் 3/112-ல் வசிக்கும், காலஞ்சென்ற கோவிந்தன் மகன் பெருமாள் அவர்களின் மனைவி பாப்பாத்தி (வயது 71) (1), அதே விலாசத்தில் வசிக்கும் மேற்படி பெருமாளின் மகன்கள் சக்திவேல் (வயது 50) (2), முருகேசன் (வயது 46) (3), தருமபுரி மாவட்டம் அரூரில் வசிக்கும் அவரது மகள், செல்வராஜ் மனைவி லட்சுமி (வயது 43) (4) ஆகிய நாங்கள் நால்வரும் சேர்ந்து எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால்,

கீழே சொத்து விவரத்தில் கண்ட புஞ்சை நிலம், எங்களில் 1 இலக்கமிட்டவரின் கணவரும் மற்றவர்களின் தகப்பனாருமான பெருமாள் தம் சுயசம்பாத்தியத்தில் கிரயம் வாங்கி அனுபவித்து வந்தது. அதை அவர் 6.7.1998-ம் தேதியில் தங்களுக்கு ரூ.62,000-க்குக் கிரயம் செய்து கொடுத்து, பணம் முழுவதையும் பெற்றுக்கொண்டு, அன்றே சுவாதீனமும் ஒப்படைத்தார். அந்தக் கிரயப் பத்திரம் ஊத்தங்கரை சார்பதிவாளர் அலுவலகத்தில் 1 புத்தகம், 1998-ம் ஆண்டின் 1127-ம் எண்ணாகப் பதிவாகியுள்ளது.

மேற்படி பத்திரத்தில் தங்கள் பெயர் "மாரியப்பன்" என்று இருக்க வேண்டிய இடத்தில், எழுதும்போது நேர்ந்த கைப்பிழையால் "மாரப்பன்" என்று விழுந்துவிட்டது. 1-ம் பக்கம் 4-ம் வரியிலும் 3-ம் பக்கம் 11-ம் வரியிலும் இந்தப் பிழை உள்ளது. தகப்பனார் பெயர், ஊர், தெரு எல்லாம் சரியாகவே உள்ளன. அந்தப் பத்திரத்தில் விற்றவர் மட்டுமே கையெழுத்திட்டிருக்கிறார். வாங்கியவரின் கையெழுத்தோ புகைப்படமோ ரேகையோ அதில் இல்லை. ஆகவே பிழை யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

பட்டா எண் 386, வாக்காளர் அட்டை, ஆதார், குடும்ப அட்டை ஆகிய அனைத்திலும் தங்கள் பெயர் மாரியப்பன் என்றே உள்ளது. வில்லங்கச் சான்றில் மட்டும் மாரப்பன் என வருகிறது. பயிர்க்கடனுக்குப் பத்திரத்தை வைத்தபோது இந்த வேறுபாடு தெரியவந்து, திருத்தி எழுதித் தருமாறு தாங்கள் எங்களைக் கேட்டீர்கள்.

எங்கள் தகப்பனார் பெருமாள் 19.11.2011-ல் காலமானார். அவருடைய தாயார் அவருக்கு முன்பே இறந்துவிட்டார். ஊத்தங்கரை வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றின்படி நாங்கள் நால்வர் மட்டுமே அவரது வாரிசுகள். அவர் இருந்திருந்தால் தாமே வந்து இந்தத் திருத்தத்தை எழுதிக்கொடுத்திருப்பார். அவர் மனமொப்பி விற்ற நிலத்தில் ஓர் எழுத்துப் பிழையைக் காரணமாக வைத்துத் தங்களுக்கோ தங்கள் பிள்ளைகளுக்கோ சிக்கல் வரக்கூடாது என்பதே எங்கள் எல்லோருடைய எண்ணமும்.

ஆகவே மேற்படி கிரயப் பத்திரத்தில் "மாரப்பன்" என்று வரும் இரண்டு இடங்களிலும் "மாரியப்பன்" என்று திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. அந்தப் பத்திரத்தில் மாரப்பன் என்று குறிப்பிடப்பட்டவரும், சின்னசாமி மகன் மாரியப்பனாகிய தாங்களும் ஒரே நபர்தான். மாரப்பன் என்ற பெயருள்ள வேறு எவருக்கும் எங்கள் தகப்பனாரோ நாங்களோ இந்த நிலத்தை விற்கவில்லை என்று உறுதியாகச் சொல்கிறோம்.

இந்தத் திருத்தத்தைத் தவிர கிரயத் தொகை, விஸ்தீரணம், சர்வே எண், நான்கெல்லை எதிலும் மாற்றம் இல்லை. இதற்காக நாங்கள் தங்களிடம் எந்தத் தொகையும் பெறவில்லை. நிலம் 1998 முதல் தங்கள் அனுபவத்தில்தான் இருக்கிறது; அதில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எந்தப் பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை. இப்பத்திரத்தை மேற்படி 1127/1998 எண் கிரயப் பத்திரத்தோடு சேர்த்து, அதன் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டியது.

மூலப் பத்திரம் எழுதியபோது கல்லாவி கிராமம் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதால் இப்பத்திரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் என எழுதப்பட்டுள்ளது. சொத்து ஒன்றேதான்.

சொத்து விவரம்

கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை சார்பதிவகம், ஊத்தங்கரை வட்டம், கல்லாவி கிராமம், சர்வே எண் 214/2, புஞ்சை ஹெக்டேர் 0.81.0, அதாவது 2 ஏக்கர். இதற்கு நான்கெல்லை: ராமன் நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, ஓடைக்குத் தெற்கு, சர்வே எண் 214/3-க்கு வடக்கு. இதன் மத்தியில் உள்ள நிலமும், அதிலுள்ள கிணறும், மாமரங்களும், வழிநடைப் பாத்தியமும் சேர்ந்தது.

எழுதிக்கொடுப்பவர்கள்
1. பாப்பாத்தி, இடது கைப் பெருவிரல் ரேகை
2. பெ. சக்திவேல்
3. பெ. முருகேசன்
4. செ. லட்சுமி

எழுதி வாங்குபவர்
சி. மாரியப்பன்

சாட்சிகள்
1. க. வேலு, த/பெ கந்தன், மேட்டுத் தெரு, கல்லாவி
2. ர. குமார், த/பெ ரங்கசாமி, மாரியம்மன் கோயில் தெரு, கல்லாவி

பாப்பாத்தி அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், இப்பத்திரம் முழுவதும் சாட்சிகள் முன்னிலையில் அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டு, சரி என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே ரேகை பெறப்பட்டது.