அடையாள ஆவணங்கள், வாடகை ஒப்பந்த நகல்களை நீக்கக் கோரி முன்னாள் வீட்டு உரிமையாளருக்குக் கடிதம்

ஈரோடு,
10.11.2025

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பெருந்துறை ரோட்டில் உள்ள தங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் 2022 ஜூன் முதல் 2025 மார்ச் வரை குடியிருந்தவன் நான். காலி செய்த அன்றே அட்வான்ஸ் 60,000 ரூபாயையும் குறையில்லாமல் திருப்பித் தந்தீர்கள். அந்த மரியாதை இன்றும் மனதில் இருப்பதால்தான், போனில் பேசாமல் நிதானமாக எழுதுகிறேன்.

போன வாரம், தற்போது அதே போர்ஷனுக்கு வந்திருக்கும் தம்பி, ஒப்பந்தம் எழுத மாதிரியாகத் தரகர் அனுப்பிய பிடிஎப் ஒன்றை என்னிடம் காட்டினார். அது என் ஒப்பந்தம். மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்துக்கு மேலே ஜெராக்ஸ் கடைக்காரர் பென்சிலில் போட்ட பெருக்கல் குறிகூட அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் என் பான் கார்டும், என் மனைவியின் ஆதார் அட்டை இரு பக்கங்களும், 12 இலக்கமும் தெளிவாகத் தெரியும்படி இணைந்திருந்தன. தாங்கள் வேண்டுமென்று செய்ததாக நான் துளியும் நினைக்கவில்லை. ஆனாலும் யார் யார் போனில் அது இருக்கிறது என்று தெரியாத நிலையில், எங்கள் பெயரில் யாரேனும் சிம் கார்டோ கடனோ வாங்கிவிடுவார்களோ என்ற பயம் வீட்டில் இருக்கிறது.

ஆகவே, தங்களிடமும் தங்கள் மகனிடமும் உள்ள எங்கள் ஆதார், பான், புகைப்படம், ஒப்பந்த ஸ்கேன் ஆகியவற்றை வாட்ஸ்அப், போன் கேலரி, மெயில், தங்கள் மகன் வைத்திருக்கும் கூகுள் டிரைவ் என எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். டிரைவில் அழித்தது குப்பைத் தொட்டிக்குள் 30 நாள் வரை கிடக்கும் என்பதால், அதையும் காலி செய்ய வேண்டும். ஜெராக்ஸ் நகல்களைக் கிழித்துப் போட்டுவிடலாம். தரகரிடமும் தாங்களே சொன்னால் நல்லது. நான் சொன்னால் அவர் காதில் ஏறாது.

வருமான வரிக் கணக்குக்குத் தேவைப்படும் என்றால், முத்திரைத்தாளில் உள்ள மூல ஒப்பந்தத்தைத் தங்கள் பீரோவில் வைத்திருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கோரிக்கை ஸ்கேன்களையும் அடையாள அட்டை நகல்களையும் பற்றியது மட்டுமே. தேவை முடிந்த தனிநபர் விவரங்களை நீக்கக் கேட்கும் உரிமையை டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 பேசுகிறது. ஆனால் நமக்குள் சட்டம் பேசும் நிலை வரவேண்டாம் என்றே விரும்புகிறேன். புதிதாகக் குடிவருவோரிடம் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கினால், தங்களுக்கும் இந்தத் தொல்லை இருக்காது.

வரும் 25.11.2025க்குள் எவற்றை எங்கிருந்து நீக்கினீர்கள் என்று இரண்டு வரி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. செந்தில்குமார்
(மாடிப் போர்ஷனில் முன்பு குடியிருந்தவர்)