தெற்கு வாய்க்கால் தெருவில் தெருவிளக்குகளைப் பழுதுநீக்கக் கோரும் விண்ணப்பம் (திருத்திய படி)

நாள்: 17.11.2025

அனுப்புநர்
மு. கலைச்செல்வி,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
கதவு எண் 23, தெற்கு வாய்க்கால் தெரு,
9-ஆவது வார்டு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: 9-ஆவது வார்டு, தெற்கு வாய்க்கால் தெரு – 5 தெருவிளக்குகள் எரியாமை – 5-ஆவது கம்பத்தில் மின்கசிவு – உடனடியாகப் பழுதுநீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எனது 13.10.2025 நாளிட்ட விண்ணப்பம், ஒப்புகைச் சீட்டு எண் 214.

வணக்கம். மேற்கண்ட தெருவில் வசிக்கும் 64 குடும்பங்களின் சார்பில் இவ்விண்ணப்பத்தைத் தங்கள் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கிறேன்.

முதலில், காத்திருக்க இயலாத ஒன்றைத் தெரிவித்துவிடுகிறேன். எங்கள் தெருவிலுள்ள 5-ஆவது கம்பம் இரும்புக் குழாய்க் கம்பம். அதன் அடிப்பகுதியில் உள்ள இணைப்புப் பெட்டியின் மூடி செப்டம்பர் மாதம் முதல் இல்லை. உள்ளிருக்கும் கம்பிகள், ஐந்து வயதுக் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வெளியே தொங்குகின்றன. கடந்த 2.11.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை விட்டதும் விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் அக்கம்பத்தைத் தொட்டபோது மின் அதிர்ச்சிக்கு உள்ளானான். காலில் செருப்பு அணிந்திருந்ததால் பெரும் தீங்கின்றித் தப்பினான் என்றே கருதுகிறோம். அன்று முதல் கம்பத்தைச் சுற்றி முள் வைத்துச் சிவப்புத் துணி கட்டி, குழந்தைகள் அருகே செல்லாதவாறு பெரியவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்கிறோம். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும். அத்தனை நாட்களும் இவ்வாறு காவல் இருப்பது நடைமுறையில் இயலாது. ஆகவே மற்றப் பணிகளுக்கு எத்தனை நாட்கள் ஆனாலும், இக்கம்பத்திற்குச் செல்லும் மின்னிணைப்பை மட்டும் இன்றே துண்டிக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

இனி விளக்குகள் குறித்து. கம்பங்களில் எழுதப்பட்ட எண்கள் அழிந்துவிட்டமையால், முதன்மைச் சாலையிலிருந்து தெருவுக்குள் நுழையும் வரிசைப்படி எண்ணிக் குறிப்பிடுகிறேன். மொத்தம் 8 கம்பங்கள். 1, 2 ஆகிய கம்பங்களின் விளக்குகள் முறையாக எரிகின்றன. 3 முதல் 7 வரையுள்ள ஐந்தும் எரிவதில்லை. 8-ஆவது கம்பத்தின் விளக்கு பகலிலும் அணையாமல் எரிகிறது.

இக்குறையை 22.9.2025 அன்று தங்கள் அலுவலகத்திற்கு நேரில் வந்து வாய்மொழியாகத் தெரிவித்தேன். பின்னர்ப் பார்வையில் காணும் விண்ணப்பத்தை அளித்தேன். அதன்மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று நான் கூறமாட்டேன். 16.10.2025 அன்று பணியாளர் இருவர் ஏணியுடன் வந்து, 3, 4 ஆகிய கம்பங்களில் புதிய எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்திச் சென்றனர். அவர்கள் பொறுப்புடன் பணியாற்றியதை நேரில் கண்டேன். ஐந்து விளக்குகளும் இரண்டு இரவுகள் எரிந்தன. மூன்றாம் நாள் தூறல் விழுந்தவுடன் ஐந்தும் ஒருசேர அணைந்துவிட்டன.

அன்று முதல் ஒவ்வொரு மாலையும் விளக்குகளின் நிலையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். தொடர்ந்து இரண்டு நாட்கள் வெயில் அடித்தால், 3 முதல் 7 வரையுள்ள விளக்குகள் சில இரவுகளில் தாமாகவே எரிகின்றன. மழை பெய்தால் ஐந்தும் ஒரே நேரத்தில் அணைகின்றன. ஒருமுறைகூட அவற்றுள் ஒன்று எரிந்து மற்றொன்று அணைந்ததில்லை. நான் மின்பணி பயின்றவள் அல்லேன். எனினும், விளக்குகள் பழுதாகியிருப்பின் அவை தனித்தனியே அணைந்திருக்கும் என்றும், 2-ஆவது கம்பத்திற்குப் பிறகு உள்ள இணைப்பிலோ கம்பிவடத்திலோ மழைநீர் புகுவதே காரணமாக இருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. 5-ஆவது கம்பத்தின் மின்கசிவும் இதனோடு தொடர்புடையதாக இருக்கக்கூடும். எனவே இம்முறையும் விளக்குகளை மட்டும் மாற்றிச் செல்லாமல், அவ்விடத்திலிருந்து கம்பிவடம், இணைப்புப் பெட்டிகள், கம்பங்களின் நிலத்தொடர்பு ஆகியவற்றை முழுமையாக ஆய்வு செய்ய வேண்டுகிறேன். இவ்விண்ணப்பத்தின் முதன்மையான கோரிக்கை இதுவே.

இதில் மற்றுமொரு இடர்ப்பாட்டையும் தெரிவிக்க வேண்டியுள்ளது. கம்பிவடத்தைப் பார்ப்பது மின் விநியோக அலுவலகத்தின் பொறுப்பு என்று நகராட்சிப் பணியாளர்கள் கூறினர். அவ்வலுவலகத்தில் கேட்டபோது, தெருவிளக்கு நகராட்சியைச் சார்ந்தது என்று விடை கிடைத்தது. எது எவருடைய பொறுப்பு என்பதை அறியும் வாய்ப்பு எங்களுக்கு இல்லை. தெருவிளக்கு அமைத்தல், இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆம் அட்டவணையில் 17-ஆவது இனமாக, நகராட்சிகளுக்குரிய பணிகளுள் இடம்பெற்றுள்ளது. ஆதலால் தாங்களே முன்னின்று, இரு அலுவலகப் பொறியாளர்களும் ஒரே நாளில் வந்து பார்க்கும் வகையில் கூட்டாய்வுக்கு ஏற்பாடு செய்தால், இப்பொறுப்புக் கேள்வி அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

எங்கள் தெருவின் அமைப்பையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டும். தெருவின் தென்புறம் முழுவதும் வாய்க்கால் செல்கிறது. அதற்குத் தடுப்புச்சுவர் இல்லை. மழைக்காலத்தில் நீர் தெருமட்டத்தைத் தொட்டு ஓடும்போது, இருளில் தெரு எங்கு முடிகிறது, வாய்க்கால் எங்குத் தொடங்குகிறது என்பது கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கடந்த 29.10.2025 இரவு 8 மணியளவில், மருந்து வாங்கித் திரும்பிய 71 வயது மூதாட்டி ஒருவர் 6-ஆவது கம்பத்தருகே வாய்க்காலில் விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அவருடைய குரல் எதிர்வீட்டாருக்குக் கேட்டதால் உடனே தூக்கிவிட முடிந்தது. பின்னலாடை நிறுவனங்களில் பணிபுரியும் பெண்கள் பலர் இரவு 10 மணிக்குமேல் இவ்வழியே நடந்து வருகின்றனர். ஒருவருக்கொருவர் கைப்பேசி வெளிச்சம் காட்டியே வீடு சேர்கின்றனர். மாலை நேர வகுப்புக்குச் செல்லும் மாணவர்களைப் பெற்றோர் இப்போது தனியே அனுப்புவதில்லை. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பிள்ளைகள் அவர்கள். அந்த அக்கறையும் சேர்ந்தே என்னை இதை எழுத வைத்துள்ளது.

6-ஆவது கம்பத்தை ஒட்டியுள்ள புங்கைமரத்தின் கிளைகள் விளக்கை முற்றிலும் மறைத்து, கம்பியின்மீதும் உரசுகின்றன. விளக்கு எரிந்தாலும் வெளிச்சம் தரையை எட்டாது. மரத்திற்குக் கேடு வராமல் அக்கிளைகளை மட்டும் கழிக்கவும், 8-ஆவது விளக்கைப் பகலில் அணையுமாறு சீர்செய்யவும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வுக்கு வரும் நாளை முன்னரே தெரிவித்தால், தெருவில் நிறுத்தப்படும் வாகனங்களை அகற்றி, ஏணி வண்டி நுழைய வழி செய்து தருவோம். எனது குறிப்பேட்டுடன் நானும் உடனிருப்பேன். 5-ஆவது கம்பத்தின் இணைப்பை இன்றே துண்டிக்கவும், மற்றப் பணிகளை அடுத்த ஒரு வாரத்திற்குள் முடிக்கவும் ஆவன செய்து, எடுக்கப்பட்ட நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மு. கலைச்செல்வி

இணைப்பு:
1. 13.10.2025 நாளிட்ட விண்ணப்பத்தின் ஒப்புகைச் சீட்டு நகல்
2. 5-ஆவது கம்பத்தின் நிழற்படங்கள் – 3
3. 18.10.2025 முதல் 16.11.2025 வரையிலான குறிப்பேட்டுப் பக்கங்களின் நகல்
4. தெருவாசிகளின் கையொப்பப் பட்டியல்

நகல்:
1. நகராட்சிப் பொறியாளர் அவர்கள்
2. 9-ஆவது வார்டு நகர்மன்ற உறுப்பினர் அவர்கள்
3. உதவி மின்பொறியாளர் அவர்கள், மின் விநியோகப் பிரிவு அலுவலகம்