அறிவிப்பு: தண்ணீர்த் தொட்டிகள் சுத்தம் செய்தல், மார்ச் 14, 15 (சனி, ஞாயிறு)

ஏ, பி பிளாக் குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நமது சம்ப்பையும் இரு பிளாக்குகளின் மொட்டை மாடித் தொட்டிகளையும் மார்ச் 14, சனிக்கிழமையும் மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமையும் சுத்தம் செய்கிறோம். குழாயில் தண்ணீர் நிற்கும் நேரம் மட்டும் இப்போதைக்குத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு:

ஏ பிளாக்: ஞாயிறு காலை 7.00 முதல் மதியம் 12.30 வரை தண்ணீர் வராது.
பி பிளாக்: ஞாயிறு மதியம் 12.30 முதல் மாலை 6.00 வரை தண்ணீர் வராது.
சனிக்கிழமை: இரு பிளாக்கிலும் தண்ணீர் வரும். ஆனால் காலை 8 மணிக்குப் பிறகு மோட்டார் ஓடாது.

தீயணைப்புக்கான தொட்டி தனி. அதில் இப்போது கை வைக்கவில்லை.

போன முறை சுத்தம் செய்தது செப்டம்பரில். ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது நாம் வைத்திருக்கும் கணக்கு. இந்த முறை அதைத் தள்ளிப்போட முடியாது. போன வாரம் மூடியைத் திறந்து பார்த்தபோது சம்ப்பின் தரையில் விரற்கடை அளவுக்குச் சேறு படிந்திருந்தது. பி பிளாக் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயில் கொசுவலை ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் தரையிலிருந்து சற்று உயரத்தில் இருப்பதால், அதற்குக் கீழே உள்ள தண்ணீர் அசையாமல் தேங்கி நிற்கும். சேறு படிவது அங்கேதான். அது அங்கேயே கிடக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் வேகமாக ஓடிக் கலக்கிவிடும் நாளில் உங்கள் குழாயில் வரும். அதோடு நாம் போடும் குளோரினையும் சேறு உறிஞ்சிக்கொள்வதால், தண்ணீரைக் காக்க வேண்டிய மருந்து அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடுகிறது.

வேலை நடக்கும் விதம்

முதலில் சம்ப், பிறகு மொட்டை மாடி. இந்த வரிசையை மாற்றச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மேலே முதலில் கழுவினால், அழுக்குச் சம்ப்பின் தண்ணீரைத்தான் கழுவிய தொட்டியில் ஏற்ற வேண்டியிருக்கும். அன்றைய உழைப்பு முழுதும் வீண். எனவே வரிசை மாறாது.

சனிக்கிழமை காலை 8 மணிக்குள் 20,000 லிட்டர் கொள்ளும் இரண்டு மேல் தொட்டிகளையும் நிரப்பிவிடுவோம். 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக்கின் ஒரு நாள் செலவு ஏறக்குறைய 13,000 லிட்டர். அளவாகப் பயன்படுத்தினால் ஞாயிறு காலை வரை தாங்கும். துணி துவைப்பது, கார் கழுவுவது, பால்கனி அலசுவது ஆகியவற்றைச் சனிக்கிழமை மட்டும் விட்டுவிடுங்கள். தொட்டி ஞாயிறு காலையில் குறைவாக இருப்பது நமக்கும் நல்லது. கொட்ட வேண்டிய நல்ல தண்ணீர் அந்த அளவுக்குக் குறையும். பி பிளாக்கின் தண்ணீர் மதியம் வரை வர வேண்டும் என்பதால், தேவைப்பட்டால் சனி இரவு 9 மணிக்கு, கழுவி முடித்த சம்ப்பிலிருந்து அந்தத் தொட்டிக்கு மட்டும் சிறிது ஏற்றுவோம்.

60,000 லிட்டர் சம்ப்பின் வேலை காலை 9 மணிக்குத் தொடங்கும். மோட்டார், விளக்கு என எல்லா மின் இணைப்பையும் பிரதான சுவிட்சில் துண்டித்துப் பூட்டுவோம். மூடியிருக்கும் சம்ப்புக்குள் பிராணவாயு குறைவாக இருக்கலாம் என்பதால், மூடிகளை முன்கூட்டியே திறந்து, காற்றூதி வைத்து, அளவுமானியில் சோதித்த பிறகே ஆள் இறங்குவார். இறங்குபவர் இடுப்பு வார் அணிந்திருப்பார். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஒருவர் மேலேயே நிற்பார். உள்ளே யாராவது மயங்கினால் உதவ நினைத்து யாரும் குதிக்கக் கூடாது. காப்பாற்றப் போனவரும் சேர்ந்து விழுவதுதான் இத்தகைய விபத்துகளில் வழக்கமாக நடக்கிறது. கயிற்றால் இழுப்பதும் தீயணைப்புத் துறையை அழைப்பதும்தான் வழி. பெட்ரோல் பம்ப்பைச் சம்ப்பின் வாய் அருகேகூட வைக்க விடமாட்டோம். அதன் புகை கீழே இறங்கும்.

தொட்டியின் உள்ளே நடக்கும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தேய்க்கும் முன் வெளியேறும் குழாயின் வால்வை மூடி, யாரும் கைதவறித் திறக்காதபடி சிவப்புத் துணி கட்டிவைப்போம். இதை மறந்தால் கரைந்த சேறு நேராகக் குழாய் வரிசைக்குள் இறங்கி, நம் எல்லோர் வீட்டு வடிகட்டியையும் அடைத்துவிடும். சேற்றை வழித்து வாளியில் அள்ளியபின், நைலான் பிரஷ்ஷால் சுவர், மூலை, கூரையின் அடிப்பக்கம், ஏணிப்படி ஆகியவற்றைத் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் சுவரில் கீறல் போடும். அந்தக் கீறலில்தான் பாசி அடுத்த முறை உறுதியாகப் பிடிக்கும். எனவே அதற்கு அனுமதி இல்லை. ஆசிட், சோப்புத் தூள், பினாயில் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து.

இரண்டு முறை அலசித் துடைத்த பிறகே குளோரின். 100 லிட்டர் தண்ணீருக்கு, 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 70 கிராம். இது லிட்டருக்கு சுமார் 200 மில்லிகிராம் என்ற கணக்கில் வரும். பவுடரை அப்படியே கொட்டாமல், பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் கலக்க வேண்டும். சுவர் முழுக்க ஈரமாகும்படி தெளித்து 30 நிமிடம் விடுவோம். இந்த 30 நிமிடத்தைச் சுருக்கினால் கிருமி சாகாது. அவசரத்தில் ஒப்பந்ததாரர்கள் முதலில் வெட்டுவது இந்தப் படியைத்தான். அதனால் நேரம் குறித்துக்கொள்ள ஒவ்வொரு பிளாக்கிலிருந்தும் குடியிருப்போர் இருவர் உடன் நிற்பார்கள். பிறகு மீண்டும் அலசி, அந்தத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவோம். செடிகளுக்கோ மழைநீர் சேகரிப்புக் குழிக்கோ அதைத் திருப்ப மாட்டோம்.

கிழிந்த வலை மாற்றுவது, மூடி இறுக்கமாக அமர்கிறதா என்று பார்ப்பது, விரிசல் இருந்தால் படம் எடுப்பது, மிதவை வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்ப்பது எல்லாம் தொட்டி காலியாக இருக்கும் அந்த நேரத்திலேயே முடியும். வலை மிகவும் நுண்ணியதாக இருந்தால்தான் கொசு நுழையாது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் பிளாக்கின் நேரத்துக்கு முன் தண்ணீர் பிடித்து வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர், மற்ற தேவைக்கு மூன்று வாளி (ஒவ்வொன்றும் 20 லிட்டர்) போதும். கழிவறைத் தொட்டிகள் நிரம்பியிருந்தால் அதுவே தலா ஒரு முறைக்கு உதவும். குழந்தை, முதியவர், நோயாளி இருந்தால் இன்னும் ஒரு வாளி சேர்த்து வையுங்கள்.

தண்ணீர் நிற்கும்போது திறந்து பார்த்த குழாயை மூட மறப்பதுதான் ஒவ்வொரு முறையும் வரும் சிக்கல். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால், மாலையில் தண்ணீர் திரும்பியதும் சிங்க் நிரம்பி வழிந்து கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். ஊரில் இல்லாதவர்கள் வீட்டுக்குள் வரும் பிரதான வால்வையே மூடிவிட்டுச் செல்லுங்கள்.

கீசரின் மின் சுவிட்சை அணைத்து வையுங்கள். குழாய் வரிசை காலியாகும்போது கீசரில் உள்ள தண்ணீரும் பின்னோக்கி இழுக்கப்படலாம். வெறும் கீசரைப் போட்டால் காயில் கருகும். வாஷிங் மெஷின், ஆர்.ஓ. இரண்டுக்கும் தண்ணீர் வரும் வால்வுகளை மூடுங்கள். ஆர்.ஓ. விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்: முதலில் வரும் தண்ணீரில் தூசு இருக்கும், வழக்கத்தைவிடக் கூடுதல் குளோரினும் இருக்கலாம். தூசு முன்வடிகட்டியை அடைக்கும், குளோரின் மெம்பரேனைக் கெடுக்கும்.

தண்ணீர் திரும்பியதும்

முதலில் சமையலறைக் குழாயைத் திறக்காதீர்கள். குளியலறையில் தாழ்வாக உள்ள குழாயை மெதுவாகத் திறந்து, காற்று சீறி முடிந்து தண்ணீர் தெளியும் வரை ஓட விடுங்கள். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தெளியும். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறைக்கு ஊற்றலாம். குழாய் வாயில் திருகும் சிறு சல்லடைகளை முன்பே கழற்றிவைத்தால் தூசு அதில் மாட்டாது. பிறகு சமையலறை, அதன்பின் கீசர், கடைசியில் ஆர்.ஓ. கீசரின் சுவிட்சைப் போடும் முன் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் பால்போல வெள்ளையாக வந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. அடியில் பழுப்பாகப் படிந்தால் அது சேறு அல்லது துரு. இன்னும் சிறிது ஓட விட்டும் நிற்கவில்லை என்றால் உடனே தெரிவியுங்கள். குளோரின் வாசனை லேசாக வருவது இயல்பு. திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்தால் குறையும். மூக்கில் உறுத்தும் அளவுக்கு இருந்தால் குடிக்காமல் சொல்லுங்கள்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஞாயிறு, திங்கள் இரு நாளும் தண்ணீர் மாற்ற வேண்டாம். குளோரின் மீன்களின் செவுளைப் பாதிக்கும். வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எங்களிடம் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இந்த நாட்களில் தனி ஏற்பாடு தேவை.

கழுவிய தொட்டி நிரம்பியதும், கரைத்த குளோரினைச் சேர்த்து அரை மணி நேரம் கழித்து மிச்சக் குளோரினைச் சோதிப்போம். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும். இந்த அளவு வந்தால்தான் வால்வைத் திறப்போம். அதற்காக அரை மணி நேரம் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை மூன்று இடத்திலிருந்தும் மாதிரி எடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புகிறோம். 100 மில்லிலிட்டரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது. அறிக்கை கிடைத்ததும் சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் எடுத்த படங்களோடு லிஃப்ட் அருகே ஒட்டுவோம். அதுவரை ஆர்.ஓ. இல்லாத வீடுகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

வேலை நடக்கும் நேரத்தில் குழந்தைகளை மொட்டை மாடிக்கும் சம்ப் பக்கமும் விட வேண்டாம், மூடிகள் திறந்திருக்கும். சம்ப்பின் மேல் நிறுத்தியிருக்கும் வண்டிகளைச் சனிக்கிழமை காலை 7.30-க்குள் எடுத்துவிடுங்கள்.

உடன் நின்று பார்க்க விரும்புபவர்கள் வியாழக்கிழமை இரவுக்குள் காவலர் அறைப் பதிவேட்டில் பெயர் எழுதுங்கள். சந்தேகங்களுக்கும் அவசரத்துக்கும் இன்டர்காமில் காவலர் அறையை அழையுங்கள். இரண்டு நாளும் செயற்குழுவில் ஒருவர் அங்கே இருப்பார்.

செயலாளர்
குடியிருப்போர் நலச் சங்கம்
மார்ச் 8, 2026