விருப்பக் கடிதம்: செவ்வானம் டையர்ஸ் நிறுவனத்தில் பங்கு முதலீடு குறித்து

தும்பைமலர் நிட்வேர் பிரைவேட் லிமிடெட்
அவிநாசி சாலை, திருப்பூர்

12 ஆகஸ்ட் 2025

பெறுநர்:
நிர்வாகப் பங்குதாரர் அவர்கள்
செவ்வானம் டையர்ஸ் (கூட்டாண்மை நிறுவனம்)
வீரபாண்டி, திருப்பூர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜூலை மாதம் உங்கள் யூனிட்டிலும் எங்கள் அலுவலகத்திலுமாக நாம் பேசியவற்றை இரு தரப்பு ஆடிட்டர்களும் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்காகவே இக்கடிதம். உங்கள் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர எங்களுக்கு உண்மையான விருப்பம் உண்டு. எங்கள் இயக்குநர் குழு இதைக் கூட்டத்தில் விவாதித்து, பேச்சைத் தொடர எனக்கு அனுமதி தந்திருக்கிறது. அதே சமயம் இது ஒப்பந்தம் அல்ல. எது நம்மைக் கட்டுப்படுத்தும், எது கட்டுப்படுத்தாது என்பதைக் கீழே தெளிவாகப் பிரித்து எழுதியிருக்கிறேன்.

ஏன் உங்களிடம் வருகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல யூனிட்டுகளுக்குத் துணியைப் பிரித்து அனுப்புவதில் எங்களுக்கு அதிகம் அடிபடுவது பாடிக்கும் ரிப்புக்கும் வரும் ஷேடு வேறுபாடு. கட்டிங் டேபிளில் பார்க்கும்போது சரியாகத் தெரிவது, பையரின் க்யூசி டி65 விளக்கின் கீழ் வைத்தால் கழுத்துப் பட்டை மட்டும் தனியாகத் தெரிகிறது. உங்கள் யூனிட்டில் பாடியையும் ரிப்பையும் ஒரே லாட்டாக ஏற்றி, லேப் டிப் ஒப்புதல் கிடைக்காமல் பல்க் ஓட்டாத ஒழுங்கு இருக்கிறது. நேவி, பாட்டில் கிரீன் போன்ற அடர் நிறங்களில்கூட ரீ-டையிங்குக்குத் திரும்பிய லாட் மிகக் குறைவு. இந்தத் தரத்தை நாங்கள் மதிக்கிறோம். அது நிலைக்க வேண்டுமென்றால் புதிய மெஷின்களும் பெரிய லேப்பும் தேவை என்று நீங்களே சொன்னீர்கள். எங்கள் எண்ணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணியிருக்கும் ஏற்பாடு

செவ்வானம் டையர்ஸ், 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 366ஆம் பிரிவின்படி பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாறும். அதன்பின் கம்பெனி வெளியிடும் புதிய பங்குகளை நாங்கள் வாங்கி 26 சதவீதம் வைத்திருப்போம். மீதி 74 சதவீதமும் நிர்வாகமும் இப்போதுள்ள நான்கு பங்குதாரர்களிடமே இருக்கும். எங்கள் பணம் எந்தப் பங்குதாரரின் கைக்கும் போகாமல் கம்பெனிக்குள்ளேயே வந்து, இரண்டு 600 கிலோ சாஃப்ட் ஃப்ளோ மெஷின்களுக்கும் லேப் விரிவாக்கத்துக்கும் செலவாகும்.

26 என்ற எண் உங்கள் தரப்பில் தயக்கம் தந்ததை அறிவேன். சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வாக்குகள் வேண்டும் என்பதால், அத்தகைய தீர்மானம் எங்களை மீறி நிறைவேறாது. நாங்கள் கேட்பது அந்தப் பாதுகாப்பை மட்டும். எந்த பையரின் துணியை எடுப்பது, ஆளை வைப்பது, சாயம் யாரிடம் வாங்குவது ஆகியவை முழுக்க உங்கள் முடிவு. மற்ற கார்மென்ட் நிறுவனங்களின் ஜாப் ஒர்க்கை நீங்கள் விட வேண்டும் என்ற எண்ணமும் எங்களுக்கு இல்லை.

எங்கள் முதலீட்டையும் சேர்த்துப் பார்த்தால் கம்பெனியின் மதிப்பு 18 முதல் 20 கோடி ரூபாய்க்குள் இருக்கும் என்பது இப்போதைய கணிப்பு. அதன்படி எங்கள் முதலீடு 4.68 கோடிக்கும் 5.20 கோடிக்கும் இடையில் வரும். இது விலை கேட்பும் அல்ல, விலை ஒப்புதலும் அல்ல. இரு தரப்பும் ஏற்கும் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வந்த பிறகே விலையைப் பேசுவோம். அறிக்கை சொல்லும் தொகை இந்த வரம்புக்கு மேலேயும் போகலாம், கீழேயும் வரலாம்.

முதலீடு நடந்தால், நாளுக்கு 3 டன் வரை எங்கள் துணிக்கு இடம் ஒதுக்குவது பற்றியும் பேசியிருக்கிறோம். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உங்களுக்குள்ள பங்கு நாளுக்கு 3.5 லட்சம் லிட்டர். கிலோவுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 7 டன்னுக்கு மேல் ஓட்ட முடியாது. புதிய மெஷின் வந்தாலும் கழிவுநீருக்கு உள்ள இடம் கூடாது. ஆகவே 3 டன் என்பது, புதிய மெஷின்களில் தண்ணீர்ச் செலவு எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்த பின் உறுதி செய்ய வேண்டிய எண். ரேட், டெலிவரி நாள், ஷேடு தள்ளுபடி எல்லாம் தனி ஜாப் ஒர்க் ஒப்பந்தத்தில் வரும்.

நாங்கள் பார்க்க விரும்புவது

கடந்த மூன்று ஆண்டுக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், வங்கிக் கடன், பிஎஃப், இஎஸ்ஐ விவரங்களை எங்கள் ஆடிட்டர் கேட்பார். இவை வழக்கமானவை.

வழக்கத்துக்கு மேல் நாங்கள் கவனம் வைப்பது தண்ணீர் விஷயத்தில். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் ஊர் முழுக்கச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நீங்களும் நாங்களும் இங்கேதான் இருந்தோம். நொய்யலுக்கு ஒரு சொட்டு சாயத் தண்ணீரும் போகக்கூடாது என்ற நிபந்தனையின் மேல்தான் அதன்பின் இந்தத் தொழில் நிற்கிறது. அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவாணை, சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி, மீட்டர் ரீடிங் பதிவேடு, கலப்பு உப்பும் ஸ்லட்ஜும் எங்கே, எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பவற்றை நேரில் பார்க்க வேண்டும். கூட்டாண்மை கம்பெனியாக மாறும்போது இசைவாணையும் நிலையத்தின் உறுப்பினர் பங்கும் புதிய பெயருக்குச் சிக்கலின்றி மாறுமா என்பதை இரு தரப்பு வக்கீல்களும் முதலில் உறுதி செய்யட்டும். அது நடக்காது என்றால் மற்ற எதைப் பேசியும் பயனில்லை.

சாய ரெசிபிகளையோ லேப் புத்தகத்தையோ நாங்கள் கேட்கமாட்டோம். அது உங்கள் தொழில் ரகசியம். ஆய்வுக்கு வருபவர்கள் லேப்புக்குள் கைபேசி கொண்டுவர மாட்டார்கள்.

இந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன் ஷிப்மென்ட் நெரிசல், பிறகு ஆட்கள் ஊரிலிருந்து திரும்பும் வரை யூனிட் அரைகுறையாக ஓடும். ஆகையால் நேரடி ஆய்வைச் செப்டம்பருக்குள் முடித்து, நவம்பர் முதல் வாரத்தில் ஒப்பந்த வரைவை மேசைக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

எங்கள் தரப்பில் உள்ள நிச்சயமின்மை

இதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஆகஸ்ட் 7 முதல் 25 சதவீதக் கூடுதல் வரி அமலில் இருக்கிறது. இம்மாதம் 27 முதல் இன்னொரு 25 சதவீதம் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அது அப்படியே நடைமுறைக்கு வந்தால் அந்த ஆர்டர்கள் நிற்கும். ஜூலை 24 அன்று கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்போது அந்தப் பக்கம் வேலை கூடும் என்று நம்புகிறோம், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும். இந்தச் சூழலில் தொகையையும் டன் கணக்கையும் உறுதியாக எழுதிக் கொடுத்தால், பிறகு காப்பாற்ற முடியாத வாக்காகிவிடும். உங்களுக்கு அப்படி ஒரு வாக்கைத் தர எனக்கு மனமில்லை.

கட்டுப்படுத்தாதவை

மேலே சொன்ன பங்கு விகிதம், மதிப்பு, முதலீட்டுத் தொகை, டன் அளவு, கால அட்டவணை எதுவும் இரு தரப்பையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி இக்கடிதம் முன்மொழிவும் அல்ல, ஏற்பும் அல்ல. ஒப்பந்தம் செய்துகொள்ளச் சம்மதித்ததாகவும் இதைக் கொள்ளக்கூடாது. இரு தரப்பின் இயக்குநர்களும் பங்குதாரர்களும் ஒப்புதல் தந்து, முறையான ஒப்பந்தம் முத்திரைத்தாளில் கையெழுத்தாகும் நாளில்தான் கடமை பிறக்கும். அதுவரை எந்தத் தரப்பும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகியதற்காக நஷ்டஈடு கேட்க முடியாது.

அட்வான்ஸ், டோக்கன் என்று எந்தத் தொகையும் தரப்படவில்லை, பெறப்படவில்லை. இனி நடக்கும் பேச்சு, வாட்ஸ்அப் செய்தி, மின்னஞ்சல், யூனிட் பார்வை எதுவும் ஒப்பந்தம் ஆகாது. முக்கியமாக ஒரு வேண்டுகோள்: இக்கடிதத்தை நம்பி மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கவோ, வங்கியில் கடன் கேட்கவோ, வேறு வேலையை விடவோ வேண்டாம். நாங்களும் இதை வைத்து பையரிடம் டெலிவரி உறுதி தரமாட்டோம்.

இப்போது உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஜாப் ஒர்க் அந்தந்த ஆர்டரின்படியே நடக்கும். பில்லுக்கான பணம் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் சொல்லும் 45 நாள் வரம்புக்குள் வந்துகொண்டிருக்கும். முதலீட்டுப் பேச்சு எப்படி முடிந்தாலும் இதில் மாற்றம் இராது.

கட்டுப்படுத்துபவை

பின்வரும் நான்கு மட்டும் கையெழுத்திட்ட நாளிலிருந்து இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

1. ரகசியம். பரிமாறும் கணக்கு, பையர் பெயர், விலை, தொழில்நுட்பத் தகவல் ஆகியவற்றை ஆடிட்டர், வக்கீல், மதிப்பீட்டாளர் தவிர யாரிடமும் சொல்லக்கூடாது. சட்டப்படி ஓர் அரசுத் துறை கேட்டால் மட்டும் விலக்கு. பேச்சு முறிந்தால் ஆவணங்களை 15 நாளில் திருப்பித் தர வேண்டும். இக்கடமை இரண்டு ஆண்டுகள் நீடிக்கும்.

2. தனிப்பேச்சு. 10 நவம்பர் 2025 வரை நீங்கள் வேறு யாரிடமும் பங்கு விற்பனை பற்றிப் பேசமாட்டீர்கள். நாங்களும் வேறு சாயப்பட்டறையில் முதலீடு பற்றிப் பேசமாட்டோம். உங்கள் அன்றாட ஜாப் ஒர்க்கையோ வங்கிக் கடனையோ இது தொடாது. முன்பே ஒரு தரப்பு எழுத்தில் விலகினால் அன்றே இத்தடை முடியும்.

3. செலவு. அவரவர் ஆடிட்டர், வக்கீல் செலவு அவரவருடையது. மதிப்பீட்டாளர் கட்டணம் மட்டும் பாதிப் பாதி.

4. சட்டம். இந்தியச் சட்டம் பொருந்தும், திருப்பூர் நீதிமன்றங்களுக்கே அதிகாரம்.

இக்கடிதத்தின் மற்ற பகுதிகள் 10 நவம்பர் 2025 அன்று தாமாகவே காலாவதியாகும். நீட்டிக்க வேண்டுமென்றால் இருவரும் எழுத்தில் கையெழுத்திட வேண்டும்.

உங்கள் பங்குதாரர்கள் நால்வரும் படித்து, வக்கீலிடமும் காட்டிவிட்டு, சம்மதமானால் ஒரு பிரதியில் கையெழுத்திட்டு ஆகஸ்ட் 25க்குள் அனுப்பிவையுங்கள். மாற்ற வேண்டியது இருந்தால் ஓரத்தில் குறித்து அனுப்பினாலும் போதும், உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,

க. செந்தில்வேலன்
நிர்வாக இயக்குநர்
தும்பைமலர் நிட்வேர் பிரைவேட் லிமிடெட்

பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம்

மேற்கண்ட கடிதத்தைப் படித்தோம். "கட்டுப்படுத்துபவை" என்ற தலைப்பின் கீழுள்ள நான்கையும் ஏற்கிறோம். மற்றவை இரு தரப்பின் எண்ணத்தை மட்டும் காட்டுகின்றன என்பதையும், அவற்றால் எங்களுக்கோ உங்களுக்கோ சட்டக் கடமை ஏதும் ஏற்படாது என்பதையும் புரிந்துகொண்டோம்.

செவ்வானம் டையர்ஸ் சார்பாகவும், மற்ற மூன்று பங்குதாரர்களின் எழுத்துப்பூர்வ அதிகாரத்தின்படியும்

ரா. பழனிச்சாமி
நிர்வாகப் பங்குதாரர்
வீரபாண்டி, 21 ஆகஸ்ட் 2025