பகுதிநேர சப்டைட்டில் சரிபார்ப்பாளர் பணிக்கு விண்ணப்பம் – UTC+5:30, வாரம் 18 மணி நேரம்

ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பாடக் காணொளிகளுக்குத் தமிழ் சப்டைட்டில் சரிபார்க்கப் பகுதிநேரமாக ஆள் தேவை என்ற உங்கள் அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். இந்த வேலையில் எனக்கு ஆறு ஆண்டு அனுபவம் உண்டு. அக்டோபர் 6, திங்கள் முதல் சேர முடியும்.

முதலில் நேரக் கணக்கு. நான் இருப்பது இந்திய நேரத்தில் (UTC+5:30). உங்கள் குழு பெர்லின் நேரப்படி காலை 10 முதல் 1 மணி வரை எல்லோரும் இணைப்பில் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாளும் பெர்லின் நேரம் 10 முதல் 2 வரை இருப்பேன். எனக்கு அது இப்போது பிற்பகல் 1:30 முதல் 5:30 வரை. அக்டோபர் 26 அன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள், இங்கே அந்த வழக்கம் இல்லை. ஆகவே 27 முதல் எனக்கு 2:30 முதல் 6:30 வரை ஆகும். உங்கள் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். கூட்ட அழைப்புகளைப் பெர்லின் நேரத்தில் பதிந்து அனுப்பினால் போதும். இந்திய நேரத்தில் பதிந்தால், மாற்றம் வந்த வாரமே உங்கள் நாட்காட்டியில் கூட்டம் ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்கும்.

இந்த 16 மணி நேரத்தோடு சனிக்கிழமை காலை இந்திய நேரம் 7 முதல் 9 வரை, யாரிடமும் பேசத் தேவையில்லாத வேலைக்கு. மொத்தம் 18. புதன்கிழமை வேறொரு ஒப்பந்த வேலைக்கு உரியது, அதை நகர்த்த முடியாது. அன்று வரும் செய்திகளுக்கு மறுநாள்தான் பதில் வரும்.

பத்து நிமிடக் காணொளி ஒன்றைச் சரிபார்க்க எனக்குச் சுமார் 1 மணி நேரம் ஆகும். கூட்டம், செய்திகளுக்கு வாரம் 2 மணி நேரம் ஒதுக்கினால் 16 காணொளிகள். மொழிபெயர்ப்பே மோசமாக இருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. முதல் இரண்டு நிமிடத்திலேயே அது தெரிந்துவிடும், அப்போதே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கருவிகள்: நேரம், வரி நீளம் எல்லாவற்றுக்கும் சப்டைட்டில் எடிட். ஒலி அலையைப் பார்த்து நுணுக்கமாக நகர்த்த ஏஜிசப். கடைசிப் பார்வைக்கு விஎல்சி. பிழைப் பட்டியலுக்கு கூகுள் ஷீட்ஸ், பேச்சுக்கு ஸ்லாக். கோப்புகளை UTF-8 குறியாக்கத்தில் .srt ஆகவோ .vtt ஆகவோ தருவேன். பின்னொட்டை மட்டும் மாற்றினால் .srt கோப்பு .vtt ஆகிவிடாது. மேலே WEBVTT என்ற வரி வேண்டும், மில்லி விநாடிக்கு முன் காற்புள்ளி புள்ளியாக வேண்டும்:

```
00:04:12,480 --> 00:04:15,120
00:04:12.480 --> 00:04:15.120
```

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். உங்கள் விதித்தாள் ஒரு வரிக்கு 42 எழுத்து என்கிறது. ‘கொடுக்கிறோம்’ என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோட் கணக்கில் 12 குறி. குறிகளை எண்ணும் மென்பொருள், சரியான வரியையும் நீளம் என்று சிவப்பில் காட்டும். அதற்குப் பயந்து வெட்டினால் வாக்கியம் நொறுங்கும். 42 என்பது எந்த எண்ணிக்கை என்று முதல் நாளே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அதேபோல் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் தேடினால் பாதி சிக்காது. அதனால் திருத்தத் தொடங்கும் முன்பே கோப்பு முழுவதையும், துண்டுகளை ஒரே குறியாக்கும் NFC வடிவத்துக்கு மாற்றிவிடுவேன்.

இத்துடன் sample_before.srt, sample_after.srt என்ற இரண்டு கோப்புகளை இணைத்திருக்கிறேன். 8 நிமிடக் காணொளி அது. ஓடுவது நொடிக்கு 23.976 ஃபிரேமில், சப்டைட்டில் எழுதியது 25க்கு. தொடக்கத்தில் ஒட்டி வரும் வசனம் முடிவில் சுமார் 20 விநாடி முந்திவிடும். மொத்தமாகத் தள்ளினால் முடிவு சரியாகும், தொடக்கம் கெடும். ஃபிரேம் வீதத்தை மாற்றியபின்தான் வரிகளைத் தொட்டிருக்கிறேன்.

வீட்டில் ஃபைபர் இணைப்பு, அது போனால் கைபேசி ஹாட்ஸ்பாட். மின்சாரம் நின்றாலும் 4 மணி நேரம் ஓட்ட இன்வெர்ட்டர் உண்டு.

சோதனைப் பணி தருவதானால் வெள்ளிக்குள் அனுப்புங்கள், திங்கள் பெர்லின் நேரம் மதியம் 2 மணிக்குள் முடித்துத் தருகிறேன். ஊதியம் மணிக்கா, காணொளி நிமிடத்துக்கா என்பதையும் அந்த மடலிலேயே தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
கவிதா