சமயச் சொற்கோவை: தமிழ் – ஆங்கிலம்

வார இறுதியில் தமிழ்ப் பள்ளியில் சைவசமயமும், வார நாட்களில் லண்டன் பள்ளியில் ஆங்கிலத்தில் ரிலிஜியஸ் ஸ்டடீஸும் படிக்கிற ஒன்பதாம், பத்தாம் ஆண்டு மாணவர்களுக்கு

பிள்ளைகளே, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கும். 'நேர்' என்றால் ஆங்கிலச் சொல்லை அப்படியே போடலாம். 'கிட்ட' என்றால் போடலாம், ஆனால் வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்ல வேண்டும். 'இல்லை' என்றால் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் எழுதி, விளக்கத்தை அடுத்துச் சேருங்கள். கர்மா, மூர்த்தி என்ற சொற்களை ஆங்கிலப் பாடப்புத்தகங்களே அப்படித்தான் எழுதுகின்றன. ஆகவே தயங்க வேண்டாம்.

அடியார் – கிட்ட: செயின்ட், டெவோட்டி. டெவோட்டி என்றால் பக்தியுள்ள எவரும் அதில் அடங்குவர். பெரியபுராணம் பாடும் 63 நாயன்மாரைக் குறிக்க அது போதாது, செயின்ட் பொருந்தும். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஒருவரைப் புனிதர் என்று திருத்தந்தை அறிவிக்க வேண்டும். யோசேப் வாஸ் அடிகளை 2015இல் கொழும்பில் அப்படித்தான் அறிவித்தார்கள். நாயன்மாருக்கு அப்படியொரு நடைமுறை இல்லை.

அருள் – கிட்ட: கிரேஸ். கத்தோலிக்கரும் அருள் என்பார்கள். புரட்டஸ்தாந்து சபைகளில் கிருபை என்ற சொல்லே அதிகம் கேட்கும். சைவத்தில் இது இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். ஆங்கிலப் புத்தகத்தில் முதல் மூன்றை மட்டும் பார்த்தால், அது மும்மூர்த்திகளைப் பற்றிய பாடம். சைவசித்தாந்தக் கேள்விக்கு ஐந்தையும் எழுதுங்கள்.

ஆணவம் – இல்லை. வீட்டில் "அவனுக்குச் சரியான ஆணவம்" என்றால் திமிர். அதை நினைத்து ப்ரைட் என்று எழுதிவிட வேண்டாம். சித்தாந்தத்தில் இது உயிரின் அறிவை மறைத்து நிற்கும் இருள், மும்மலங்களில் முதலாவது. செம்பில் களிம்பு போல உயிரோடு என்றென்றும் ஒட்டியிருப்பது என்று நம் பெரியவர்கள் விளக்குவார்கள். ஒரிஜினல் சின் என்பதும் சரி வராது. கிறிஸ்தவத்தின் ஜென்மப் பாவம் முதல் மனிதரின் கீழ்ப்படியாமையால் வந்தது. ஆணவத்துக்குத் தொடக்கமே கிடையாது, அது யாரும் செய்த குற்றமும் அல்ல. இந்தக் கோவையில் நீங்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய சொல் இதுதான்.

குருக்கள் – நேர்: பிரீஸ்ட். சைவக் கோயிலில் இது ஒருவரைக் குறிக்கும் மரியாதைச் சொல். கத்தோலிக்க நூலில் இதே சொல் வந்தால் பன்மை, பல குருமார் என்று பொருள். இமாமைப் பிரீஸ்ட் என்று எழுத வேண்டாம், அவர் தொழுகையை முன்னின்று நடத்துபவர்.

திருவுருவம் – கிட்ட: மூர்த்தி, இமேஜ். ஐடல் என்ற சொல்லைத் தவிருங்கள். அதில் 'பொய்த் தெய்வம்' என்ற கண்டனம் ஒட்டியிருக்கிறது. நம் கோயிலைப் பற்றி நாமே அப்படி எழுதத் தேவையில்லை.

நோன்பு – நேர்: ஃபாஸ்ட். விரதமும் அப்படியே. முஸ்லிம் நண்பர்களின் ரமழான் நோன்பு விடியலிலிருந்து சூரியன் மறையும்வரை, தண்ணீர்கூட இல்லை. கந்தசஷ்டி விரதம் ஆறு நாள். சிலர் முழுப்பட்டினி, சிலர் பாலும் பழமும், சிலர் ஒரு நேரச் சோறு. எந்தச் சமயத்து நோன்பு என்று குறிப்பிடுங்கள்.

பசு – இல்லை. பதி, பசு, பாசம் என்று வரும்போது மாடு அல்ல, மலத்தால் கட்டுண்ட உயிர். சோல் என்று மட்டும் எழுதினால் 'கட்டுண்ட' என்பது விடுபட்டுப்போகும். மாதிரி விடை: "பசு என்பது பாசத்தால் கட்டுண்ட உயிர், பதியின் அருளால் விடுபடுகிறது."

பாசம் – கிட்ட: பாண்ட். அம்மாவின் பாசம் அல்ல, உயிரைக் கட்டும் கயிறு. ஆணவம், கன்மம், மாயை மூன்றும் சேர்ந்தது.

முத்தி – கிட்ட: லிபரேஷன். மோட்சம், வீடு என்றும் சொல்வோம். சால்வேஷன் என்றால் கிறிஸ்தவர்கள் பாவத்திலிருந்து மீட்பு என்று புரிந்துகொள்வார்கள். சித்தாந்த முத்தியில் உயிர் அழிவதில்லை, சிவமாக மாறிவிடுவதும் இல்லை. மலத்தின் பிடி நீங்கி, சிவனோடு பிரிவில்லாமல் நின்று இன்பம் அனுபவிக்கிறது. அத்வைத வேதாந்தம் சொல்வது வேறு, வகுப்பில் இரண்டும் கலந்துவிடும், கவனம்.

வினை – நேர்: கர்மா. ஃபேட் இல்லை. பழைய வினையின் பயனை அனுபவிக்கிறோம், புதிய வினையையும் நாமே சேர்க்கிறோம்.

ஸகாத் – இல்லை. சேரிட்டி என்றால் விரும்பினால் கொடுப்பது. ஸகாத் வசதியுள்ள முஸ்லிமின் கடமை, ஐந்து தூண்களில் ஒன்று. சேமிப்பு ஓர் அளவைத் தாண்டி ஓராண்டு இருந்தால் அதில் 2.5 சதவீதம். விரும்பிக் கொடுப்பதற்கு அவர்களிடமே ஸதக்கா என்ற வேறு சொல் உண்டு. தமிழில் தானம், தர்மம் என்று எழுதுவதானால் ஸதக்காவுக்கு எழுதுங்கள்.