முறைத் தண்ணி

2018. கஜா புயலில் சாய்ந்த கம்பங்கள் இன்னும் நிமிரவில்லை. பேராவூரணிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரே அரிக்கேன் விளக்கு. கரி பிடித்த சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, திரியைத் தாழ்த்தினாள் அம்மா. பொது மோட்டார் தகராறில் மூணு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பிக்கு வேறு வெளிச்சம் இல்லை.

"உன் முறையிலதான மோட்டார் எரிஞ்சுது," என்றான் தம்பி.

"ஒரு பேஸ் போச்சு. ரெண்டு பேஸ்ல ஓடினா காயில் கருகாம என்ன செய்யும்? ரிலே டிரிப் ஆகியிருக்கணும். ஆவல."

"அடிக்கடி டிரிப் ஆவுதுன்னு நான்தாண்ணே கம்பி வச்சு டைரக்ட் பண்ணினேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கென்னடா?"

"ரீவைண்டிங் ஆறாயிரம். பயந்துட்டேன்."

"மூவாயிரத்த அண்ணன்கிட்ட குடு," என்றாள் அம்மா. "புது ரிலேயும் உன் காசுல. கரண்ட் வந்ததும் மொத முறை அவனுக்கு."

"தென்னையே சாஞ்சு கெடக்கு, முறை எதுக்கு?" அண்ணன் சிரித்துவிட்டான். "காலையில ரம்பத்த எடுத்துக்கிட்டு வா. மொதல்ல உன் தோப்பு."